வினைவேக வரைபடத்துக்கு அச்சுப் பெயரும் படக்குறிப்பும் எழுதும் முறை

சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரியிலிருந்தோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்தோ பல்கலைக்கழக வேதியியல் ஆய்வகத்துக்கு வரும் மாணவர்களுக்கு வினைவேகச் சோதனை புதிதல்ல. நேரத்தைக் குறித்து, அளவீடு எடுத்து, புள்ளிகளை வரைந்து, சாய்வைக் கண்டுபிடிக்க அவர்களுக்குத் தெரியும். அறிக்கையில் மதிப்பெண் குறைவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்: அச்சில் எழுதிய பெயர் அளவைச் சரியாகச் சொல்வதில்லை, அல்லது படத்தின் கீழே உள்ள குறிப்பு அச்சில் இருப்பதையே மறுபடி சொல்கிறது. சில ஆண்டுகளாக முதலாண்டு மாணவர்களின் அறிக்கைகளைத் திருத்தி வருபவன் என்ற முறையில், ஒரே ஒரு சோதனையை எடுத்துக்கொண்டு, அதன் வரைபடத்துக்கு இவ்விரண்டையும் எப்படி எழுதுவது என்று படிப்படியாக இங்கே சொல்கிறேன்.

அந்தச் சோதனை, கிரிஸ்டல் வயலட் சாயம் சோடியம் ஹைட்ராக்சைடுடன் வினைபுரிந்து நிறமிழப்பது. 2.0 × 10⁻⁵ mol dm⁻³ செறிவுள்ள சாயக் கரைசலில் 10.0 cm³ எடுத்து, 0.040 mol dm⁻³ சோடியம் ஹைட்ராக்சைடில் 10.0 cm³ கலக்கிறோம். கலந்தவுடன் இரண்டின் செறிவும் பாதியாகின்றன என்பதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். படக்குறிப்பில் இது திரும்ப வரும். கலவையை 1.00 cm குவெட்டில் ஊற்றி, நிறமாலை ஒளிமானியில் 590 nm அலைநீளத்தில் அதன் உட்கவர் அளவை, அதாவது ஆய்வகத்தில் எல்லோரும் அப்சார்பன்ஸ் என்று சொல்லும் A என்ற எண்ணை, 120 விநாடிக்கு ஒரு முறை பதிகிறோம். ஹைட்ராக்சைடு அயனி சாயத்தைவிட 2000 மடங்கு கூடுதலாக இருப்பதால், வினை நடக்கும்போது அதன் செறிவு மாறுவதில்லை என்றே கொள்ளலாம். ஆகவே இது போலி முதல்வகை வினையாக நடக்கிறது. ln A-ஐ நேரத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும், அதன் சாய்வின் எதிர்க்குறி மதிப்பே k′ என்னும் போலி முதல்வகை வேக மாறிலி.

விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொள்ளும் அளவீடுகள் இவை:

| t / s | A | ln A |
|---|---|---|
| 0 | 0.800 | −0.223 |
| 120 | 0.529 | −0.637 |
| 240 | 0.341 | −1.076 |
| 360 | 0.229 | −1.474 |
| 480 | 0.147 | −1.917 |
| 600 | 0.099 | −2.313 |
| 720 | 0.071 | −2.645 |

அச்சுப் பெயர்: முதலில் கிடைமட்ட அச்சு

அட்டவணையின் முதல் தலைப்பைப் பாருங்கள். t / s என்று எழுதியிருக்கிறேன். இந்த '/' குறியைப் பலர் வெறும் பிரிப்புக் குறியாக நினைக்கிறார்கள். அது உண்மையிலேயே வகுத்தல் குறிதான். ஓர் அளவு என்பது எண்ணும் அலகும் சேர்ந்த பெருக்கல்; t = 120 s என்றால் 120-ஐ விநாடியால் பெருக்கியது என்று பொருள். இரு பக்கத்தையும் விநாடியால் வகுத்தால் t / s = 120. அச்சில் நாம் அச்சிடுவது 120 என்ற வெறும் எண்ணைத்தான். ஆகவே அச்சின் பெயரும் வெறும் எண்ணாக நிற்க வேண்டும். 'நேரம் / s' என்று முழுச் சொல்லாக எழுதினாலும் சரி. சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ் தேர்வுகளில் பழகிய முறையும் இதுதான் என்பதால், இங்குள்ள மாணவர்கள் இதைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. ஏன் அப்படி எழுதுகிறோம் என்பதை அறிந்துகொண்டால் போதும். சில பாடத்துறைகள் அலகை அடைப்புக்குறிக்குள் எழுதச் சொல்லும். அங்கே அப்படியே எழுதுங்கள், ஆனால் ஓர் அறிக்கைக்குள் இரண்டு முறைகளையும் கலக்காதீர்கள்.

அளவைக் குறிக்கும் எழுத்து சாய்வெழுத்திலும் அலகு நேரெழுத்திலும் இருக்க வேண்டும். இது அழகுக்கான விதியன்று. A என்ற எழுத்து சாய்ந்திருந்தால் உட்கவர் அளவு, நிமிர்ந்திருந்தால் ஆம்பியர். எழுத்தின் வடிவத்தைப் பார்த்தே வாசகர் பிரித்தறிகிறார். எக்செலில் அச்சுப் பெயரைத் தட்டச்சு செய்தபின் அந்த ஓர் எழுத்தை மட்டும் தேர்ந்தெடுத்து Ctrl+I அழுத்தினால் போதும்.

நெடுக்கை அச்சு: ln A-க்கு அலகு ஏன் இல்லை

என்னிடம் வரும் அறிக்கைகளில் மிகுதியாகக் காணும் பிழை, நெடுக்கை அச்சில் 'ln A / s⁻¹' என்று எழுதுவது. எப்படி வந்தது என்று கேட்டால், சாய்வுக்கு s⁻¹ வர வேண்டும் அல்லவா என்பார்கள். சாய்வு என்பது நெடுக்கை மாற்றத்தைக் கிடைமட்ட மாற்றத்தால் வகுத்தது. மேலே அலகற்ற எண், கீழே விநாடி. அதிலிருந்தே s⁻¹ தானாக வந்துவிடுகிறது. அச்சில் இன்னொரு s⁻¹-ஐச் சேர்த்தால் சாய்வின் அலகு s⁻² ஆகிவிடும், வேக மாறிலியின் அலகும் பிழையாகிவிடும். அச்சுப் பெயரை எழுதியதும் இரண்டு அச்சுகளின் அலகுகளையும் வகுத்துப் பார்ப்பது அரை நிமிட வேலை. இந்தப் பிழை அங்கேயே தெரிந்துவிடும்.

உட்கவர் அளவு அலகற்றது. அது இரண்டு ஒளிச்செறிவுகளின் விகிதத்துக்கு எடுத்த மடக்கை. ஆகவே ln A என்று மட்டும் எழுதினால் முழுமையாகிவிட்டது. 'a.u.' என்று சேர்ப்பவர்கள் உண்டு; அது ஒப்பீட்டு அலகைக் குறிக்கும் சுருக்கம், இங்கே பொருந்தாது. ஆனால் நீங்கள் உட்கவர் அளவுக்குப் பதிலாகச் செறிவைக் கணக்கிட்டு அதன் மடக்கையை வரைந்தால் நிலைமை மாறுகிறது. அலகுள்ள அளவுக்கு மடக்கை எடுக்க முடியாது. முதலில் அதை அலகால் வகுத்து எண்ணாக்கிக்கொள்ள வேண்டும். அப்போது அச்சுப் பெயர் ln([CV] / mol dm⁻³) என்று ஆகும். வகுத்தல் மடக்கையின் அடைப்புக்குள்ளே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ln [CV] / mol dm⁻³ என்று வெளியே எழுதினால், மடக்கை எடுத்தபின் அலகால் வகுத்ததாகப் பொருள்படும்.

எக்செலில் வரைபவர்களுக்கு இரண்டு குறிப்புகள். வரைபட வகையாக Scatter என்பதைத் தேர்ந்தெடுங்கள். Line என்ற வகை நேர மதிப்புகளை வெறும் பெயர்களாக எடுத்துக்கொண்டு சம இடைவெளியில் அடுக்கிவிடும், ஓர் அளவீடு தவறிப்போயிருந்தால் சாய்வே மாறித் தெரியும். இரண்டாவது, ln A மதிப்புகள் எல்லாம் எதிர்க்குறி எண்கள் என்பதால், நேர அச்சின் எண்கள் படத்தின் உச்சியில், புள்ளிகளோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். கிடைமட்ட அச்சை வலச்சொடுக்கி Format Axis, அதில் Labels, அதில் Label Position என்பதை Low என்று மாற்றினால் எண்கள் கீழே இறங்கிவிடும். அச்சுப் பெயரும் அதற்குரிய இடத்தில் நிற்கும். 'Chart Title' என்ற தலைப்பையும், ஒரே ஒரு தொடர் மட்டும் இருக்கும்போது 'Series1' என்ற விளக்கப் பெட்டியையும் நீக்கிவிடுங்கள். படக்குறிப்பு இருக்கும்போது மேலே தலைப்பு வேண்டியதில்லை.

சாய்வை எழுதத்தக்க எண்ணாக்குதல்

படக்குறிப்பில் சாய்வின் மதிப்பு இடம்பெற வேண்டும் என்பதால், அந்த எண்ணை முதலில் சரிசெய்துகொள்ள வேண்டும். எக்செல் போக்குக்கோடு நமக்குக் காட்டும் சமன்பாடு y = -0.0035x - 0.2242. இதை அப்படியே படத்தில் விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. இதில் மூன்று குறைகள் உள்ளன: y எது, x எது என்று சொல்லவில்லை, அலகில்லை, சாய்வுக்கு இரண்டு பொருளுள்ள இலக்கங்கள்தான் தெரிகின்றன, நம் அளவீடுகளோ மூன்றைத் தாங்கும். அதற்குமேல், சாய்வில் எவ்வளவு உறுதியின்மை என்பதையும் போக்குக்கோடு சொல்வதில்லை. அட்டவணையில் நேரம் B நிரலிலும் ln A மதிப்பு C நிரலிலும் இருந்தால், வெற்றுக் கலம் ஒன்றில் இதைத் தட்டச்சு செய்யுங்கள்:

```
=LINEST(C2:C7,B2:B7,TRUE,TRUE)
```

முதல் வரிசையின் முதல் கலத்தில் சாய்வும், அதற்குக் கீழே உள்ள கலத்தில் அதன் திட்டப்பிழையும் கிடைக்கும். மேலே உள்ள முதல் ஆறு அளவீடுகளுக்குச் சாய்வு −3.497 × 10⁻³, திட்டப்பிழை 0.024 × 10⁻³. ஆகவே k′ = (3.50 ± 0.02) × 10⁻³ s⁻¹ என்று எழுதலாம். R² மதிப்பு 0.9998 வரும், அதை மட்டும் எழுதி நிறுத்துபவர்கள் பலர். கோடு எவ்வளவு நேராக இருக்கிறது என்பதை R² சொல்கிறதே தவிர, வேக மாறிலியை எத்தனை இலக்கம்வரை நம்பலாம் என்பதை அது சொல்வதில்லை. எனக்கு ± மதிப்புதான் முக்கியம்.

ஏழாவது அளவீட்டை ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். 600 விநாடி வரை செல்லும் கோட்டை நீட்டினால் 720 விநாடியில் ln A −2.74 ஆக இருக்க வேண்டும். நாம் பெற்றதோ −2.645. கிரிஸ்டல் வயலட் குவெட்டின் சுவரில் ஒட்டிக்கொள்ளும் இயல்புள்ள சாயம். அந்தச் சிறு கறை தரும் உட்கவர் அளவு, தொடக்கத்தில் 0.800-க்குள் மறைந்துபோகும், கடைசியில் 0.07 என்ற சிறு மதிப்பில் வெளிப்பட்டுவிடும். மடக்கை எடுக்கும்போது இது பெரிதாகவும் தெரியும்: A-இல் ±0.005 பிழை இருந்தால், ln A-இல் அது தொடக்கத்தில் ±0.006 மட்டுமே, 720 விநாடியிலோ ±0.07. இந்தப் புள்ளியையும் சேர்த்துக் கோடு வரைந்தால் k′ மதிப்பு 3.41 × 10⁻³ s⁻¹ ஆகக் குறைகிறது. திட்டப்பிழையைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேலான மாற்றம் இது. ஆகவே புள்ளியைக் கோட்டிலிருந்து விலக்குவது நியாயம். ஆனால் படத்திலிருந்து அழிப்பது நியாயமன்று. அதை உள்ளீடற்ற வட்டமாக வரைந்து, விலக்கியதைப் படக்குறிப்பில் சொல்ல வேண்டும்.

படக்குறிப்பு எழுதுதல்

ஒரு முறை ஒரு மாணவி தன் அறிக்கையைக் கொண்டுவந்து, "அண்ணா, அச்சுலயே எல்லாம் எழுதிட்டேனே, கீழ இன்னும் என்ன எழுதணும்?" என்று கேட்டார். அவர் எழுதியிருந்தது 'படம் 1: ln A-க்கும் நேரத்துக்குமான வரைபடம்'. கேள்வி நியாயமானதுதான். அச்சைப் பார்த்தாலே தெரிவதைப் படக்குறிப்பு மீண்டும் சொன்னால் அதனால் பயனில்லை. நான் அவரிடம் படம் இருந்த பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றப் பக்கங்களை மூடச் சொன்னேன், பிறகு, "இது எந்த வினை? எந்த வெப்பநிலையில்? இந்தக் கோடு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டேன். மூன்றுக்கும் அந்தப் பக்கத்தில் விடையில்லை. படக்குறிப்பின் வேலை அந்த மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்வதே.

வினையிலிருந்து தொடங்குங்கள். எந்தப் பொருள் எதனோடு வினைபுரிகிறது என்பதும், எந்த அளவு எதற்கு எதிராக வரையப்பட்டிருக்கிறது என்பதும் முதல் வாக்கியத்தில் வர வேண்டும். 'எதற்கு எதிராக' என்பதில் வரிசை முக்கியம்: நெடுக்கை அச்சின் அளவு முதலில், கிடைமட்ட அச்சின் அளவு பிறகு.

அடுத்து நிலைமைகள். இங்கே செறிவுகளைக் கலந்த பிறகு இருக்கும் மதிப்பாகத் தர வேண்டும். புட்டியில் ஒட்டியிருந்த 0.040 mol dm⁻³ என்ற எண்ணைப் படக்குறிப்பில் எழுதினால், அதை நம்பி இரண்டாம்வகை வேக மாறிலியைக் கணக்கிடுபவருக்கு விடை பாதியாகிவிடும். குவெட்டுக்குள் இருப்பது 0.020 தான். வெப்பநிலையையும் எண்ணாகவே எழுதுங்கள். 'அறை வெப்பநிலை' என்ற சொல் நம் ஊரில் எதையும் சொல்வதில்லை: குளிரூட்டிய ஆய்வகத்தில் அது 24 °C ஆக இருக்கலாம், குளிரூட்டி நின்ற பிற்பகலில் 31 °C ஆகவும் இருக்கலாம். செயலூக்க ஆற்றல் 50 kJ mol⁻¹ உள்ள ஒரு வினையை எடுத்துக்கொண்டால், 25 °C-இலிருந்து 31 °C-க்குப் போகும்போது வேக மாறிலி ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. ±0.02 என்று இரண்டாம் தசம இடம்வரை கணக்கிட்ட எண்ணுக்கு அருகில் 'அறை வெப்பநிலை' என்று எழுதுவது அந்த எண்ணையே பொருளற்றதாக்கிவிடும். அலைநீளத்தையும் குவெட்டின் ஒளிப்பாதை நீளத்தையும் இதே வாக்கியத்தில் முடித்துவிடலாம்.

நிலைமைகளோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: t = 0 என்பது எந்தக் கணம்? கலந்து, ஊற்றி, குவெட்டைக் கருவியில் வைத்து, மூடியை மூடுவதற்குள் ஏறக்குறைய 25 விநாடி போய்விடுகிறது. நம் அட்டவணையில் t = 0 என்பது முதல் அளவீட்டின் நேரம், கலந்த நேரமன்று. முதல்வகை வினையில் இது சாய்வைப் பாதிப்பதில்லை. நேர அச்சு முழுவதும் ஒரே அளவு நகர்கிறது, அவ்வளவுதான். ஆனால் கோடு நெடுக்கை அச்சை வெட்டும் இடம் மாறுகிறது. −0.224 என்ற வெட்டுமதிப்பிலிருந்து தொடக்க உட்கவர் அளவைக் கணக்கிட்டால் 0.80 வரும், 25 விநாடி பின்னோக்கிப் போனால் 0.87 வரும். உங்கள் சாயத்தின் தொடக்கச் செறிவோடு ஒத்துப்பார்க்க விரும்பும் வாசகருக்கு இந்த ஒரு விவரம் இல்லாமல் கணக்கு நேராகாது.

அதன்பின் குறியீடுகள். நிரப்பிய வட்டம் எது, வெற்று வட்டம் எது, கோடு எந்த இடைவெளிக்குப் பொருத்தப்பட்டது, பிழைக்கோடுகள் எதைக் குறிக்கின்றன என்பவை. கடைசியாக முடிவு, அதாவது சாய்விலிருந்து பெற்ற மதிப்பும் அதன் உறுதியின்மையும். அந்த ± எண் எதிலிருந்து வந்தது என்பதையும் ஒரு சொல்லில் சொல்லிவிடுங்கள்; சாய்வின் திட்டப்பிழை வேறு, மூன்று முறை செய்த சோதனைகளின் விலக்கம் வேறு.

இவற்றைச் சேர்த்து எழுதினால் படக்குறிப்பு இப்படி வரும். உங்கள் அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதுவீர்கள். ஆனாலும் தகவலும் அதன் வரிசையும் இவைதான்.

> படம் 1. கிரிஸ்டல் வயலட் ஹைட்ராக்சைடு அயனியுடன் நீர்க்கரைசலில் வினைபுரிந்து நிறமிழக்கும்போது, 590 nm-இல் அளந்த உட்கவர் அளவின் இயல் மடக்கை (ln A) நேரத்துக்கு (t) எதிராக. கலந்த பின் செறிவுகள்: சாயம் 1.0 × 10⁻⁵ mol dm⁻³, சோடியம் ஹைட்ராக்சைடு 0.020 mol dm⁻³, வெப்பநிலை 25.0 °C, ஒளிப்பாதை 1.00 cm. t = 0 என்பது கலந்து ஏறக்குறைய 25 s கழித்து எடுத்த முதல் அளவீடு. நேர்கோடு நிரப்பிய வட்டங்களுக்கு (0–600 s) மீச்சிறு வர்க்க முறையில் பொருத்தப்பட்டது. வெற்று வட்டம் (720 s) பொருத்தத்தில் சேர்க்கப்படவில்லை. பிழைக்கோடுகள் A-இல் ±0.005 உறுதியின்மையைக் குறிக்கின்றன. சாய்விலிருந்து k′ = (3.50 ± 0.02) × 10⁻³ s⁻¹ (± என்பது சாய்வின் திட்டப்பிழை).

நீளமாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். இதில் நீக்கத்தக்க சொல் அதிகமில்லை. இதில் இல்லாதவற்றையும் பாருங்கள். 'வினை முதல்வகையைச் சேர்ந்தது என்று நிரூபணமாகிறது' என்ற வாக்கியம் இல்லை. 720 விநாடிப் புள்ளி ஏன் விலகியது என்ற விளக்கமும் இல்லை. விலக்கினேன் என்பது படத்தைப் படிக்கத் தேவையான தகவல், ஆகவே படக்குறிப்பில் வருகிறது. ஏன் விலக்கினேன் என்பது வாதம். அது விவாதப் பகுதியில் வர வேண்டும். படக்குறிப்பு படத்தின் கீழே அமையும், அட்டவணையின் தலைப்பு மட்டும் மேலே அமையும்.

பத்தின் அடுக்கு வரும்போது

இதே சோதனையை 0.010, 0.020, 0.030 mol dm⁻³ ஆகிய மூன்று ஹைட்ராக்சைடு செறிவுகளில் செய்து, k′-ஐச் செறிவுக்கு எதிராக வரைவது அடுத்த வேலை. கிடைத்த மதிப்புகள் முறையே 1.76 × 10⁻³, 3.50 × 10⁻³, 5.24 × 10⁻³ s⁻¹ என்று கொள்வோம். அச்சில் 0.00176 என்று அச்சிட்டால் படிக்கச் சிரமம் என்பதால் 10⁻³-ஐ அச்சுப் பெயருக்குள் கொண்டுவருகிறோம். இங்கேதான் 'k′ × 10⁻³ / s⁻¹' என்று எழுதி மாட்டிக்கொள்கிறார்கள். அச்சில் 3.50 என்ற எண் இருக்கிறது; அந்தப் பெயரின்படி k′ × 10⁻³ = 3.50 s⁻¹, அதாவது k′ = 3500 s⁻¹. எழுதியவர் நினைத்தது 0.0035. பத்து இலட்சம் மடங்கு வேறுபாடு.

வகுத்தல் குறியின் பொருளை மறக்காமலிருந்தால் இதில் குழப்பமே இல்லை. k′ = 3.50 × 10⁻³ s⁻¹ என்று எழுதி, எண் மட்டும் தனித்து நிற்கும்படி மற்றவற்றால் வகுங்கள்: k′ / 10⁻³ s⁻¹ = 3.50. இடப்பக்கத்தில் வந்ததே அச்சுப் பெயர். கிடைமட்ட அச்சுக்கு [OH⁻] / mol dm⁻³ என்று எழுதினால் போதும். இப்போது சாய்வைக் கணக்கிட்டால் (5.24 − 1.76) ÷ 0.020 = 174 என்று வரும்; நெடுக்கை அச்சின் 10⁻³-ஐத் திரும்பப் பெருக்கி, அலகுகளை வகுத்தால் k = 0.174 dm³ mol⁻¹ s⁻¹. 174 என்பதை அப்படியே அறிக்கையில் எழுதிவிட்டவர்களை நான் ஒவ்வோர் அரையாண்டிலும் பார்க்கிறேன். அச்சுப் பெயர் சரியாக இருந்தால், திருத்துபவரால் அந்தப் பிழை எந்த இடத்தில் நேர்ந்தது என்று உடனே கண்டுபிடிக்க முடிகிறது.

இந்த இரண்டாம் படத்தின் குறிப்பில், ஒவ்வொரு புள்ளியும் படம் 1-ஐப் போன்ற ஒரு கோட்டின் சாய்விலிருந்து வந்தது என்பதைச் சொல்லுங்கள். மூன்று கரைசல்களிலும் மொத்த அயனிச் செறிவைச் சமமாக வைக்க உப்பு சேர்த்திருந்தால் அதையும் எழுதுங்கள். சாயம் நேர்மின்னேற்றமும் ஹைட்ராக்சைடு எதிர்மின்னேற்றமும் உடையவை என்பதால், கரைசலிலுள்ள மற்ற அயனிகளும் வேகத்தை மாற்றும். உப்பு சேர்க்கவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதிவிடுங்கள்.